ஒற்றைத் தலைவலி உள்ள பெண் கர்ப்பமானால்

கர்ப்பகாலத்தில் தலைவலி என்று சொல்லும் பெண்களில், அதற்கு முன் தலைவலியே அறியாதவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அவர் பயந்துபோய் அன்றைக்கே வந்துவிடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலியோடு பழகியவர்தான் வரமாட்டார். "எனக்கு இது எப்பவும் வர்றதுதான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார். வீட்டில் உள்ளவர்களும் அதையேதான் சொல்வார்கள். முதல் சில மாதங்களில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அதே வார்த்தையைச் சொன்னால் நான் முதலில் பிபி கருவியைத்தான் எடுப்பேன். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் வேலை பார்ப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், துணை சுகாதார நிலைய நர்ஸாக. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம், கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடக்கிறது. கேரளம் என்றதும் மழையை நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு மார்ச் மாதம் வந்து பார்க்க வேண்டும். இது மழை மறைவுப் பகுதி. வெயிலில் தென்னை மட்டையே வாடித் தொங்கும். தலைவலிக்காரர்களுக்கு இந்த வெயில் சத்துரு.

என் சித்தி மகளின் கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்தே ஒற்றைத் தலைவலி. அவளுடைய வலிக்கு ஒரு தெளிவான முகம் உண்டு. வலது நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, நாடி துடிப்பது போல் விண் விண்ணென்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். வெளிச்சமும் குக்கர் விசிலும் ஆகாது. வாந்தி எடுத்தபின் சற்றுத் தணியும். தூங்கி எழுந்தால் போய்விடும், போகாவிட்டால் மறுநாளும் தொடரும். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு நாளில் கட்டாயம் வரும்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பல பெண்களுக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடுகிறது. கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் ஏறிக்கொண்டே போய் உயரத்தில் நிலையாக நிற்கும். அதனால் இப்படி மாதவிலக்கை ஒட்டி வலி வருகிறவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து வலி குறைவதும், சிலருக்கு முழுக்கவே நின்றுபோவதும் வழக்கம். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதம் தனிக் கதை. வாந்தியால் உடம்பில் நீர் குறைகிறது, வயிறு காலியாகவே கிடக்கிறது, தூக்கம் கெடுகிறது. "காபி ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் குடித்த காபியை ஒரேநாளில் நிறுத்துகிறார்கள், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். இத்தனையும் ஒன்றாகச் சேரும்போது எந்தத் தலைதான் தாங்கும்?

ஏழாவது வாரத்தில் அவள் என்னைப் பார்க்க வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் கொட்டினாள். எல்லாம் தலைவலி மாத்திரைகள். பாதி கிழிந்த அட்டைகள், கத்தரித்த துண்டுகள். ஒவ்வொன்றையும் திருப்பி, வெள்ளி நிறப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் படித்துப் பிரித்துவைத்தோம். கர்ப்பிணி வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டிய காரியம் இது. முன்பக்கம் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயர் நமக்கு ஒன்றும் சொல்லாது.

முதலில் தள்ளிவைத்தது எர்கோட்டமின் கலந்த மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கென்று நம் ஊர் மருந்துக்கடைகளில் பல காலமாக விற்பது இதுதான். கூடவே காஃபினும் பாராசிட்டமாலும் வாந்தி மருந்தும் கலந்திருக்கும். எர்கோட்டமின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், கருப்பையையும் சுருக்கும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இது கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

அடுத்தது நேப்ராக்சன், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறா. இதில் ஒரு பொறி இருக்கிறது. அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்கும். "இதுவும் பாராசிட்டமால்தாங்க" என்று கொடுத்துவிடுவார்கள். பின்பக்கத்தைப் படித்தால்தான் இரண்டு மருந்து இருப்பது தெரியும். இந்த வகை மருந்துகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. மாதம் ஏறினால் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு முக்கிய ரத்தக்குழாய், பிறக்கும் முன்பே சுருங்கிவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. முதல் மாதங்களில்கூட டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு பழைய சீட்டு. வலி வராமல் தடுக்கத் தினசரி எடுக்கச் சொல்லி எப்போதோ எழுதிக்கொடுத்தது, டோபிராமேட். குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பை அது கூட்டும். வால்ப்ரோயேட் அதைவிட மோசம். நல்லவேளை, அவள் கல்யாணத்துக்கு முன்பே அதை விட்டிருந்தாள். தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்வதுதான் வழி. நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால் அன்றைக்கே கேளுங்கள். எல்லாவற்றையும் நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. புரோப்ரனலால் போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மேசையில் மிஞ்சியது வெறும் பாராசிட்டமால். அவளுக்கு அது போதுமா என்று சந்தேகம். "அதெல்லாம் எனக்குக் கேக்காதுக்கா" என்றாள். கேட்காததற்குக் காரணம், அவள் அதைப் போட்ட நேரம். வலி முற்றி, வாந்தியும் ஆரம்பித்தபிறகு போட்டால் வயிறு மந்தமாகி மருந்து உள்ளேயே கிடக்கும், ரத்தத்தில் சேராது. நெற்றிப்பொட்டில் முதல் துடிப்பு தெரிந்தவுடன் ஏதாவது கொஞ்சம் தின்றுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். அவள் எடை 47 கிலோ. அதனால் ஒரு வேளைக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மறுபடி வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் கழித்து, ஒரு நாளில் நான்குக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டோம். 50 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு டாக்டர் ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம் வரை சொல்வதுண்டு. அதற்கும் ஒரு நாளில் 4 கிராம்தான் எல்லை. மாதத்தில் பாதி நாள் மாத்திரையிலேயே ஓடினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அந்த நிலை வருமுன் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பில், கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்தால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்று சொன்னதும், வாட்ஸ்அப்பில் அது எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே தெளிவுபடுத்தியது. 2024இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, மருந்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தேவைப்படும்போது, தேவையான அளவுக்கு எடுப்பதில் தயக்கம் வேண்டாம். வலியோடும் வாந்தியோடும் சாப்பிடாமல் கிடப்பது தாய்க்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல.

அவளுக்குப் பாராசிட்டமாலோடு வாந்தியை அடக்க மெட்டோகுளோபிரமைடு 10 மில்லிகிராமை டாக்டர் சேர்த்துக் கொடுத்தார். வாந்தி நிற்பதோடு வயிற்றின் மந்தத்தையும் அது எடுத்துவிடும், பாராசிட்டமால் உள்ளே இறங்கும். அதற்கும் கேட்காத பெண்களுக்குச் சுமாட்ரிப்டான் இருக்கிறது. கர்ப்பத்தில் அதைப் பற்றி வந்திருக்கும் தகவல்கள் நம்பிக்கை தருபவை. ஆனால் பிபி உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது.

மருந்தைவிட அவளுக்கு உதவியது நேரத்துக்குச் சாப்பிட்டதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுந்தவுடன் பல் விளக்குவதற்கு முன்பே இரண்டு ரஸ்க். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று, அரைத் தோசையானாலும் சரி. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர். காபியை நிறுத்தவில்லை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு நாளுக்குக் காஃபின் 200 மில்லிகிராம் வரை போகலாம் என்பதால் இரண்டு சின்ன டம்ளர் காபிக்குத் தடையில்லை. ஆனால் கூடவே டீயும் குடித்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கை வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தி சுக்கை உரசி நெற்றியில் பத்துப் போட்டார். தோல் எரியாதவரை பாதகமில்லை. மலையாளத்துப் பக்கம் குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பார்கள், அதுவும் வெளிப்பூச்சுதான். ஈரத்துணியை ஃப்ரிஜ்ஜில் வைத்தெடுத்து நெற்றியிலும் பிடரியிலும் போடுவது இவை எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்கும். தைலத்தை ஒரு விரல் நுனியளவு தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மணிக்கொருதரம் அப்ப வேண்டாம். அரிஷ்டம், கஷாயம் என்று உள்ளுக்குக் குடிப்பது வேறு விஷயம். அரிஷ்டத்தில் நொதித்துவரும் ஆல்கஹால் உண்டு. கர்ப்பத்தில் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

நான்காம் மாதம் முடிவதற்குள் அவள் வலி நின்றுபோனது. மாத்திரை உறையையே மறந்துவிட்டாள். ஏழாம் மாதம் பொள்ளாச்சியில் வளைகாப்புப் போட்டு, அம்மா வீட்டுக்கு எங்கள் ஊருக்கு அழைத்துவந்தார்கள்.

எல்லைப்பக்கத்தில் இந்த இடமாற்றத்தைத்தான் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். அதுவரை அவளைப் பார்த்த டாக்டரும் கிராம சுகாதார நர்ஸும் தமிழ்நாட்டில். இங்கே வந்து பதிவுசெய்ய ஒரு வாரம், "விருந்தெல்லாம் முடியட்டும்" என்று இன்னொரு வாரம். பிபி ஏறத்தொடங்கும் பருவத்தில் சரியாக இரண்டு வாரம் யாரும் பார்க்காமல் போகிறது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்லாம்ப்சியா 20 வாரத்துக்குப் பிறகுதான் வரும், அதிலும் கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம். அவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைப் பிறகு பார்த்தபோது கணக்கு தெளிவாகவே தெரிந்தது. பத்தாவது வாரத்தில் 104/64. இருபத்து நான்காவதில் 108/70. கிளம்புவதற்கு முன், முப்பத்தொன்றாவதில் 128/82. கடைசி எண்ணைத் தனியாகப் பார்த்தால் நார்மல்தான், யாரும் அதை நோய் என்று சொல்ல முடியாது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் அடுத்த வாரமே மறுபடி பார்க்கத் தோன்றும். அதனால்தான் பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணிடம் அட்டையை முதல் பக்கத்திலிருந்து கேட்கிறோம். வந்த அதே வாரத்தில் எங்கள் பக்கத்து ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், பிபி கருவியோடு வீட்டுக்கே வந்துவிடுவோம்.

முப்பத்து மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்து தலைவலி. சித்தி போன் செய்தார். "பழையபடி ஒத்தத் தலைவலி வந்திருச்சு கண்ணு, ரெண்டு மாத்திரை போட்டும் நிக்கல. இன்னொண்ணு குடுக்கலாமா?" என்று கேட்டார். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"வலதுபக்கமா?" என்றேன். இல்லை, நெற்றி முழுக்கவும், பிடரியிலும். விண் விண்ணென்று தெறிக்கிறதா? "இல்லக்கா, ஒரே பாரமா அழுத்துது." ஜன்னலைச் சாத்திப் படுத்தால் தணிகிறதா? தணியவில்லை. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று ஆறு மணி நேர இடைவெளியில் 650 இரண்டு போட்டும் துளியும் இறங்கவில்லை. கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டதும் சற்று யோசித்தாள். "கொசு பறக்கிற மாதிரி மினுக் மினுக்குன்னு இருக்கு, கண்ண மூடினாலும் இருக்கு" என்றாள். மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதாம். விருந்துச் சாப்பாட்டால் வந்த கேஸ் என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்திருக்கிறாள். மோதிரம் காலையிலிருந்து கழலவில்லை.

இதில் எந்த ஒன்றும் அவளுடைய பழைய வலியின் முகம் அல்ல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், 154/100. பதினைந்து நிமிடம் கழித்து 156/102. 108-ஐ அழைத்தோம். எல்லைப்பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 108-இல் பேசும்போது ஊர்ப்பெயருக்கு முன் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லுங்கள். பாலக்காடா கோயம்புத்தூரா என்று முதலிலேயே தெளிவானால் வண்டி வரும் திசை குழம்பாது. அப்புறம், "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முப்பத்து மூன்று வாரக் கர்ப்பிணி, பிபி 156/102, தலைவலி, கண் மினுக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் அதையேதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் 164/110. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ், நம் பேச்சில் சொன்னால் உப்பு இறங்குகிறது. நிஃபெடிபின் மாத்திரை கொடுத்து பிபியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். 160/110 தொட்டால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு, அதனால் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கத் தொடங்கியாக வேண்டும். கூடவே மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி. அது பிபிக்கான மருந்து அல்ல, வலிப்பு வராமல் தடுப்பது. முதலில் 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக ஏற்றி, பிறகு இரண்டு இடுப்பிலும் 5 கிராம் வீதம் போட்டார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் தீயாய்ச் சுடும், முகம் சிவக்கும். அவள் பயந்துபோய் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூடு மருந்தின் இயல்பு, சற்று நேரத்தில் அடங்கிவிடும். அளவு மீறினால் மூச்சு குறையும். அதனால்தான் நர்ஸ் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும். "ராத்திரி முழுக்கத் தூங்க விடறதில்ல" என்று குறைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தட்டலுக்குக் காரணம் இதுதான்.

குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பிபி அடங்கியது, தலைவலியும் போனது. முப்பத்து நான்கு வாரம் நிறையும்வரை வார்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, 1.9 கிலோ. சில நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தாள்.

நடந்ததைத் திரும்பிப் பார்த்தால், தலைவலி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது எதையும் தீர்மானிக்கவில்லை. அவளே சொன்னாள், அன்றைய வலியைவிடப் பத்தாம் வகுப்பில் வந்த வலிகள் கொடூரமானவை. வித்தியாசம் மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. மாதக்கணக்கில் நின்றுபோயிருந்த வலி கடைசி மாதங்களில் திரும்பி வந்ததே முதல் சந்தேகம், ஏனென்றால் ஹார்மோன் உயரத்தில் நிற்கும்போது அவளுக்கு வலி வரக் காரணமில்லை. பாராசிட்டமாலுக்கும் தூக்கத்துக்கும் அடங்காதது இரண்டாவது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே பிபி பார்க்க வேண்டும். கண் மினுக்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

கண் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு வலிக்கு முன்பாகவே கண்ணில் ஒளிக்கோடுகள் வரும். அது ஒரு மூலையில் சின்னதாகத் தொடங்கி, வளைந்து வளைந்து மெதுவாகப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் அழிந்துபோகும், அதன்பிறகு வலி வரும். ப்ரீஎக்லாம்ப்சியாவில் வரும் மினுக்கலுக்கு அந்த ஒழுங்கு இல்லை. வந்து வந்து போகும், வலியோடு சேர்ந்தே இருக்கும், சிலருக்குப் பார்வை மங்கும். இந்த வித்தியாசத்தை வைத்து வீட்டிலேயே முடிவுகட்ட நான் சொல்லவில்லை. முன்பு ஒளிக்கோடு பார்த்தே இராதவருக்குக் கர்ப்பத்தில் முதன்முறையாக வந்தால், அது எப்படி இருந்தாலும் காட்டியாக வேண்டும்.

வீட்டில் பிபி கருவி வைத்திருப்பவர்கள் அவசரத்தில் தப்பாக அளந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால், தலைவலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். 160/110 என்றால் காத்திருந்து மறுபடி பார்ப்பதை ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிபி நார்மல் என்பதாலேயே எல்லாத் தலைவலியும் சாதாரணம் ஆகிவிடாது. மண்டையில் அடித்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி, கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, வலிப்பு, இவை எந்த மாதத்தில் வந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னால் குழந்தையை நினைத்து மறுக்காதீர்கள். தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் வயிற்றுக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே இல்லை.

பிரசவம் முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பிபி பெரும்பாலும் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு ஏறும், அதாவது வீட்டுக்கு வந்தபிறகு. வலிப்பும் அப்போது வரலாம். அவளுக்கு நான்காம் நாள் தலைவலி வந்தது. பிபி 132/84. முதுகில் மயக்க ஊசி போட்டதால் வரும் வலியோ என்று பார்த்தேன். அது உட்கார்ந்தால் கூடும், படுத்தால் சட்டென்று தணியும். அவளுக்கு அப்படி இல்லை. வலது நெற்றிப்பொட்டு, துடிப்பு, குமட்டல், வெளிச்சம் ஆகவில்லை. ஈஸ்ட்ரோஜன் மளமளவென்று இறங்கும் நேரம் அது, பழைய வலி அதன் சொந்த முகத்தோடு திரும்பியிருந்தது. பால் கொடுக்கும்போது ஐபுபுரூஃபன் எடுக்கலாம் என்பதால் டாக்டரைக் கேட்டு அதைக் கொடுத்தோம், சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்தாள்.

சித்தி அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பத்தியம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் சில வாரம் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். தண்ணீரும் குறைந்தால் மூளையிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரையில் கட்டி அடைத்துக்கொள்ளலாம். அந்தத் தலைவலி நாளுக்கு நாள் ஏறும், படுத்தாலோ இருமினாலோ கூடும், பிறகு வலிப்போ ஒருபக்கத் தளர்ச்சியோ வரும். "பால் ஊறணும்னா தண்ணி வேணும் சித்தி" என்றதும் சொம்பை நிரப்பிக் கட்டிலருகே வைத்தார்.

அடுத்த பிரசவத்துக்கென்று அவள் அட்டையில் டாக்டர் ஒரு வரி எழுதிக்கொடுத்திருக்கிறார். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தினம் இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின். ஒருமுறை ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்கத் தருவது இது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். தலைவலிக்குப் போடும் பெரிய ஆஸ்பிரின் மாத்திரை வேறு, இது வேறு. "கர்ப்பத்தில் ஆஸ்பிரின் கூடாது" என்று யாராவது சொல்லிப் பாதியில் நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறேன்.